பெயின்ற் படுவதற்கு முன்: கடைப் பெயர்ப்பலகையில் பிழை பிடிக்கும் வழி

பெயர்ப்பலகையில் பிழை வந்தால் எழுதினவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிடுவோம். நான் சரிபார்த்த பலகைகளில் பெரும்பாலும் கதை வேறு. கடைக்காரர் கொப்பித் தாளில் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தத் தாளைப் பார்த்து ஒருவர் பாமினி எழுத்துருவில் அடிப்பார். அதை இன்னொருவர் யூனிகோடுக்கு மாற்றுவார், வடிவமைப்பவர் தன் மென்பொருளுக்குள் ஒட்டுவார், கடைசியில் ஓவியர் சோக்கால் கீறுவார். ஒவ்வொரு கையும் தனக்கே உரிய ஒரு வகைப் பிழையை விட்டுப் போகும். பிழையின் முகத்தைப் பார்த்தால் அது எந்தக் கையில் நுழைந்தது என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த்தான் திருத்த வேண்டும். கடைசிப் படத்தில் மட்டும் திருத்தினால் அடுத்த பில் புத்தகத்தில் அதே பிழை மறுபடி வரும்.

யாழ்ப்பாணத்தில், பலாலி வீதியில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு அக்கா கடை திறந்தார். அவருக்காகப் பார்த்த பலகையையே உதாரணமாக எடுக்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம், ‘கௌரி’ என்று வைத்துக்கொள்வோம். முடிவில் பலகையில் ஏற வேண்டியது இது:

```
ஸ்ரீ கௌரி ஸ்ரோர்ஸ்
SRI GOWRI STORES
பாடசாலை உபகரணங்கள் · அப்பியாசக் கொப்பிகள்
காகிதாதிகள் · போட்டோக் கொப்பி
STATIONERY · PHOTOCOPY
பலாலி வீதி, திருநெல்வேலி
PALALY ROAD, THIRUNELVELY
```

வட்ஸ்அப்பில் எனக்கு வந்த முதல் படம் இப்படி இருக்கவில்லை. அதிலும் அதற்கு அடுத்தவற்றிலும் இருந்த குறைகளை ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்

முதல் வரி இப்படி வந்தது:

```
= nfsup ];Nuhh;];
```

பயப்பட வேண்டாம், இதில் எழுத்து ஒன்றும் தொலையவில்லை. இது பாமினியில் அடித்த ‘ஸ்ரீ கௌரி ஸ்ரோர்ஸ்’ தான். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததால் விசைகள் மட்டும் தெரிகின்றன. எங்கள் ஊர் அச்சகங்களில் பாமினியில் கை பழகியவர்கள் ஏராளம், ஆகவே இது அடிக்கடி வரும். `;` வந்தால் புள்ளி, `h` வந்தால் அரவு, `n` வந்தால் கொம்பு என்று பழகிக்கொண்டால் படத்தைப் பார்த்தே வாசித்துவிடலாம். யாழ்ப்பாணம் என்பது `aho;g;ghzk;` ஆக நிற்கும்.

அந்தக் கணினியில் பாமினியை நிறுவினால் போதும், அல்லது வரியை யூனிகோடுக்கு மாற்றலாம். பலகை ஒன்றுக்கு மட்டும் என்றால் முதல் வழி. பில், விசிற்றிங் காட், கூகுள் வரைபடம் எல்லாவற்றுக்கும் அதே வரி போகப்போகிறது என்றால் இரண்டாவது. அக்காவுக்கு எல்லாமே வேண்டியிருந்தது, ஆகவே மாற்றினோம். மாற்றியவுடன் அடுத்த பிழைகள் தொடங்கின.

முகவரியில் காற்புள்ளிக்குப் பதிலாக ‘இ’

‘பலாலி வீதிஇ திருநெல்வேலி’ என்று நின்றது. இதைப் பார்த்தவுடன், யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில், அதாவது மாற்றியில், வந்த பிழை என்று சொல்லிவிடலாம். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. இலங்கை என்று அடிக்க `,yq;if` என்றுதான் அடிப்பார்கள். காற்புள்ளி வேண்டுமென்றால் `>` அடிக்க வேண்டும். அடித்தவர் காற்புள்ளிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்குத் தாவியிருக்கிறார். அவருடைய திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். மாற்றிக்கு எழுத்துரு தெரியாது, விசை மட்டும்தான் தெரியும். கண்ட காற்புள்ளியை எல்லாம் ‘இ’ ஆக்கிவிட்டது.

இதே காரணத்தால், தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் அது மாற்றியில் உருத்தெரியாத தமிழாக வெளியே வரும். ஆகவே தமிழ் வரிகளை மட்டும் தனியே வெட்டி மாற்றியில் போடுங்கள். ஆங்கில வரிகளை அதற்குள் விடவே வேண்டாம். மாற்றி முடிந்ததும் சொல்லின் கடைசியில் ‘இ’ தனியே தொங்குகிறதா என்று பாருங்கள். தமிழில் சொல் நடுவிலோ கடைசியிலோ முழு ‘இ’ வருவது மிக அரிது, ஆகவே கண்ணில் பட்டால் அது காற்புள்ளிதான்.

ஒரு போனில் வடிவாக இருக்கிறது, இன்னொன்றில் புள்ளி வட்டம் தெரிகிறது

“தம்பி, என்ர போனிலை வடிவாத்தான் கிடக்கு. ஓவியர் அண்ணையின்ர போனிலை வட்டம் வட்டமா வருதாம்” என்றார் அக்கா. வட்டம் வந்த இடம் ‘ஸ்ரோர்ஸ்’ என்பதன் நடுவில்.

இதுதான் எனக்குப் பிடித்த பிழை, ஏனென்றால் கண்ணால் பிடிக்க முடியாது. பழைய எழுத்தில் ர் என்பதையும் ரி என்பதையும் கால் இல்லாமல், அரவுக்கு மேல் புள்ளியோ விசிறியோ போட்ட மாதிரி எழுதுவோம். பாமினியில் அடிப்பவர்களும் அந்த அழகுக்காக ர் வேண்டிய இடத்தில் `u;` அடிக்காமல் `h;` அடிப்பார்கள். அச்சில் அருமையாக இருக்கும். நல்ல மாற்றி இதைப் புரிந்துகொண்டு ர் ஆக்கிவிடும். அவசரத்துக்குச் செய்த மாற்றியோ அரவையும் புள்ளியையும் அப்படியே வைத்துவிடும். அப்போது கணினிக்குள் இருப்பது ர் அல்ல, ‘ா’ மேல் ‘்’. சில எழுத்துருக்கள் அதையும் ர் மாதிரியே காட்டும். சிலது ‘இப்படி ஒரு எழுத்தே இல்லையே’ என்று புள்ளி வட்டம் போடும். இணையத்தில் ‘அவா்கள்’ என்று நிறைய இடங்களில் கிடப்பது இதுதான்.

சோதிப்பது சுலபம். வரியை ஏதாவது ஒரு எழுதும் செயலியில் ஒட்டி, Ctrl+F அடித்து ‘ர்’ என்று தேடுங்கள். ‘ஸ்ரோர்ஸ்’ என்பதில் அது சிக்காவிட்டால் உள்ளே இருப்பது அரவு. Find and Replace இல், தேடும் பெட்டியில் அந்த வரியிலிருந்தே பிரதி எடுத்த தவறான சோடியையும், மாற்றும் பெட்டியில் புதிதாக அடித்த ‘ர்’ ஐயும் வைத்து மாற்றிவிடுங்கள். கையால் திரும்ப அடிப்பதென்றால் முழுச் சொல்லையும் அழித்துவிட்டு அடியுங்கள், நடுவில் ஒட்டுப்போட வேண்டாம்.

கௌரியிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. பாமினியில் கௌ என்பதற்குத் தனி விசை இல்லை. கொம்பு, க, ள என்று `nfs` அடிப்பார்கள். யூனிகோடில் கௌ என்பது க உடன் ஒரே ஒரு குறி, ள என்ற எழுத்து அதில் இல்லை. மாற்றி சோம்பலாக இருந்தால் ‘கெ’யும் ‘ள’வும் தனித்தனியே நிற்கும். தேடும் பெட்டியில் ‘ள’ போட்டுப் பாருங்கள், கௌரியின் வாலில் நிறம் விழுந்தால் தவறான வடிவம்.

உண்மையைச் சொன்னால், பெயின்ற் பலகைக்கு இந்த இரண்டும் பிழையே இல்லை. ஓவியர் கையால் எழுதும்போது ள வும் ஔகாரக் குறியின் வாலும் ஒரே வடிவம்தான். ஆனால் அக்கா அதே வரியைக் கூகுள் வரைபடத்தில் கடைப்பெயராக ஒட்டப்போகிறார். அங்கே ‘கெள’ என்று கிடந்தால், சரியாக ‘கௌரி’ என்று அடித்துத் தேடுபவருக்குக் கடை கிடைக்காமல் போகலாம்.

கொம்பு தன் எழுத்தை விட்டு நடந்து போகிறது

‘கொப்பிகள்’ என்பதில் க வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, க வுக்குப் பின்னால் போய் அரவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வரி சரி, வடிவமைக்கும் மென்பொருள்தான் தமிழை அடுக்கத் தெரியாமல் நிற்கிறது. ஃபோட்டோஷொப் என்றால் Preferences இல் Type பக்கத்துக்குப் போய், பழைய பதிப்பில் `Middle Eastern and South Asian`, அடுத்து வந்த பதிப்புகளில் `World-Ready Layout` என்பதைத் தெரிவுசெய்து, வரியைப் புதிய அடுக்கில் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிடக்கும் அடுக்கு தானாகத் திருந்தாமல் இருக்கலாம்.

கொரல்டிரோவில் வேலை செய்பவர்கள் கடைசியில் Ctrl+Q அடித்து எழுத்தை வெறும் கோடாக மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு எந்தக் கணினியிலும் வடிவம் குலையாது, நல்லது. ஆனால் அதற்குள் பிழையைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முந்திய கோப்பையும் தரச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தெல்லாம் சரி, ஆனால் வாசிக்க இரண்டு ஊர்ப் பலகை மாதிரி இருக்கிறது

இரண்டாவது படத்தில் மேலே ‘ஸ்ரோர்ஸ்’ என்றும் கீழே ‘போட்டோ காப்பி’ என்றும் இருந்தது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் பிழை இல்லை. ஒரே பலகையில் சேர்ந்தால் பிழை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில ‘T’ ஒலியை நாங்கள் பல இடங்களில் ர, ற கொண்டு எழுதுவோம்: ரயர், ரோச், பற்றரி, இன்ரர்நெற், ஸ்ரோர்ஸ். எங்கள் வாயில் ற்ற என்பது நாக்கு பல்லடி மேட்டில் படும் ஒலி, ஆங்கில ஒலிக்கு அது ட்ட வை விடக் கிட்ட. இந்தியாவில் ஸ்டோர்ஸ், டயர், பேட்டரி. அது போல நாங்கள் கொப்பி, பொக்ஸ், ஷொப் என்போம், அங்கே காப்பி, பாக்ஸ், ஷாப். வடிவமைப்பவர் இந்திய மாதிரி ஒன்றை இணையத்தில் எடுத்து அதன்மேல் எழுதினால் ‘காப்பி’ நைசாக உள்ளே வந்துவிடும். எங்களுக்குக் காப்பி என்றால் இந்தியப் பத்திரிகையில் வரும் குடிக்கிற கோப்பி.

எதை வைப்பது? ஸ்ரோர்ஸ், ஸ்டோர்ஸ் இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இளம் பிள்ளைகள் பலர் இப்போது ஸ்டோர்ஸ் என்றே எழுதுகிறார்கள், வெளியூரிலிருந்து வருபவருக்கு ‘ஸ்ரோர்ஸ்’ நாக்கில் தடுக்கும். நான் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: பதிவுச் சான்றிதழில் எது? அக்காவின் சான்றிதழில் ஸ்ரோர்ஸ். அப்போது மற்ற எல்லாம் அதே வழியில் போக வேண்டும், காப்பி கொப்பி ஆயிற்று. ‘போட்டோ’வில் மட்டும் ட்ட நிற்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது இங்கேயும் அப்படித்தான் ஊன்றிவிட்டது, அதைப் ‘போற்றோ’ ஆக்கினால் தெருவே சிரிக்கும்.

‘அப்பியாசக் கொப்பி’, ‘போட்டோக் கொப்பி’ என்பவற்றில் க் வேண்டும். ‘பாடசாலை உபகரணங்கள்’ என்பதில் உயிரெழுத்து வருவதால் எதுவும் மிகாது. ஓவியருக்கு இடம் போதாமல் ‘அப்பியாசக்’ ஒரு வரியிலும் ‘கொப்பிகள்’ அடுத்த வரியிலும் விழுந்தால், க் தனியே தொங்குகிறதே என்று அதை வெட்டிவிடுவார். வெட்ட வேண்டாம், எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கி ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்.

ஆங்கில வரியில் கணினி சிவப்புக் கோடு போடவில்லை, ஆனாலும் பிழை

வந்தது இது:

```
STATIONARY · PHOTOCOPPY
```

இரண்டு பிழை, இரண்டுக்கும் காரணம் வேறு. முதலாவது அகராதியில் உள்ள சொல்தான், ‘அசையாமல் நிற்கிற’ என்று பொருள். காகிதாதிகள் விற்கும் கடைக்கு அந்தக் கடைசி A நிற்கிற இடத்தில் E வர வேண்டும். எந்தக் கணினியும் இதை நம்பகமாகப் பிடிக்காது, நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவதில் எங்கள் ப்ப தான் ஆங்கிலத்துக்குள் வந்து இரட்டை P ஆகியிருக்கிறது. அகராதியில் இல்லாத இந்தச் சொல்லுக்கு ஏன் சிவப்புக் கோடு வரவில்லை? வேர்ட், முழுதும் பெரிய எழுத்தில் இருக்கும் சொற்களைச் சோதிக்காமலே விட்டுவிடும். Options இல் Proofing பக்கத்தில் `Ignore words in UPPERCASE` என்று ஒரு பெட்டி இருக்கிறது, வழக்கமாக அதில் சரி போட்டே வரும். பலகை வரிகள் எப்போதும் பெரிய எழுத்தில்தான். ஆகவே அந்தச் சரியை எடுத்துவிடுங்கள், அல்லது வரியைச் சிறிய எழுத்தில் அடித்துப் பாருங்கள்.

பெயரும் ஊரும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு மாதிரி

படத்தில் GOWRY, சான்றிதழில் GOWRI. இதில் எது சரி என்று இலக்கணம் பேசிப் பயனில்லை. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவில் உள்ளதே சரி. காசோலை எழுதுபவர் பலகையைப் பார்த்துத்தான் எழுதுவார், வங்கிக் கணக்குப் பெயரோடு ஒத்துவராவிட்டால் தலையிடி அக்காவுக்கு. சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஊர்ப்பெயரில் வேறு வழக்கு. கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வடிவமைப்பவர் ஒலியைப் பார்த்து எழுதினால் VATTUKOTTAI என்று வரும். எங்கள் பழக்கத்தில் ட்ட என்பது DD, ஆகவே VADDUKODDAI. பருத்தித்துறைக்கு POINT PEDRO, ஊர்காவற்றுறைக்கு KAYTS, இவை ஒலிக்குள் அடங்கவே அடங்காது. திருநெல்வேலியைப் பல விதமாக எழுதுவார்கள். நான் THIRUNELVELY வைக்கச் சொல்வேன். பல்கலைக்கழக முகவரியில் பழகிய வடிவம் அது, தமிழ்நாட்டுத் திருநெல்வேலியோடு குழம்பவும் மாட்டாது.

படம் சரி, சோக் கோட்டில் ஏதோ குறைகிறது

படம் சரியென்று அனுப்பியதோடு நான் விடுவதில்லை. ஓவியர் சோக்கால் கீறி முடித்ததும் ஒரு தடவை நேரில் போவேன். எனாமல் காய்ந்த பிறகு திருத்தினால் பின்னணி நிறத்தை அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூச வேண்டும், வெயிலில் ஒட்டுத் தெரியும். சோக் என்றால் ஈரத் துணி போதும்.

அங்கே சொற்களை வாசிக்காதீர்கள். வாசித்தால் மூளை விட்டதை நிரப்பிவிடும். புள்ளியை மட்டும் எண்ணுங்கள். தாளில் முன்பே எண்ணி எழுதிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பலகையில் பெயர் வரியில் மூன்று (ஸ்ரீ க்குப் புள்ளி இல்லை), உபகரணங்களில் இரண்டு, அப்பியாசக் கொப்பிகளில் நான்கு, காகிதாதிகளில் ஒன்று, போட்டோக் கொப்பியில் மூன்று, முகவரியில் ஒன்று. மொத்தம் 14.

அதற்குப் பிறகு ர வின் கால். ர் க்கும் ரி க்கும் ஓவியர் பழைய முறையில் கால் போடாமல் விட்டால் பரவாயில்லை, மேலே புள்ளியோ விசிறியோ இருக்கும். வெறும் ர வுக்குக் கால் இல்லாவிட்டால் அது அரவு ஆகிவிடும்: உபகரணங்கள் ‘உபகாணங்கள்’ ஆகும். இந்தப் பலகையில் அப்படி வெறும் ர ஒரே ஒரு இடத்தில்தான். போய்ப் பார்த்தேன், கால் நன்றாக இழுபட்டிருந்தது.

புள்ளியை எண்ணினேன், 13. திரும்பவும் எண்ணினேன், 13 தான். வரி வரியாகப் பார்த்தால், பெயர் வரியில் இரண்டே. நடுவில் நின்ற ர், புள்ளி இல்லாமல், கால் இல்லாமல், ‘ஸ்ரோ’வின் அரவுக்குப் பக்கத்தில் இன்னொரு அரவாக நின்றது.

“அண்ணை, ஸ்ரோர்ஸிலை ஒரு குத்து விட்டுப்போட்டியள்” என்றேன். ஏணியில் நின்றவர் தலையைச் சரித்துப் பார்த்தார். “ஓம், அதைக் கடைசியாப் போடுவம் எண்டு விட்டனான்” என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த சோக்கை எடுத்துப் புள்ளியை வைத்தார்.